ஏழு மணி மாத்திரை, ஒன்பது மணி ரத்தம்

அந்த அம்மாவுக்கு வயது 62. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. நாடித்துடிப்பு தாறுமாறாக ஓடும். அதைக் கட்டுக்குள் வைக்க டிஜாக்ஸின் மாத்திரை, 0.25 மில்லிகிராம், தினம் ஒன்று. சில ஆண்டுகளாக நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. பசி குறைந்திருக்கிறது என்று அவர் சொல்ல, மருத்துவர் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்கச் சொன்னார். மகன் அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நான் மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் சொல்லிக்கொடுப்பவன் என்பது அவருக்குத் தெரியும்.

“சார், அம்மாவுக்கு மருந்து விஷமாயிடுச்சுன்னு மாத்திரையை நிறுத்திட்டாங்க. நாலு நாளாச்சு. இப்போ படபடப்பு தாங்கலைங்கறாங்க. மாடிப்படி ஏற முடியலை.”

தாளில் 2.1 என்று இருந்தது. அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு 2.1 நானோகிராம். பக்கத்திலேயே, 2.0 வரை இருக்கலாம் என்று அச்சிட்டிருந்தார்கள். எண்ணுக்குக் கீழே சிவப்புக் கோடு.

“அன்னைக்கு மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டாங்க?”

“வழக்கம்போல காலையில ஏழு மணிக்கு சார்.”

“ரத்தம் எப்போ கொடுத்தீங்க?”

“டிபன் முடிச்சிட்டு நேரா லேபுக்குத்தான் போனோம். ஒன்பது மணி இருக்கும்.”

ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தேன். ரத்தம் எடுத்த நேரம் இருந்தது. மாத்திரை போட்ட நேரம் எங்கும் இல்லை. அந்த ஒரு தகவல் இல்லாமல் 2.1 என்ற எண்ணை யாராலும் படிக்க முடியாது. ஏன் என்று அந்தத் தம்பிக்கு ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினேன். அந்தப் படத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் மாத்திரையை விட்டுவிடுவோம். ஊசியில் தொடங்கினால் கணக்கு எளிது. ஒருவருக்கு 0.5 மில்லிகிராம் டிஜாக்ஸினை நரம்பு வழியாகக் கொடுத்துவிட்டு, குறிப்பிட்ட நேரங்களில் ரத்தம் எடுத்துப் பிளாஸ்மாவில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் தரும் எண்கள் கணக்குக்காக எடுத்தவை. ஆனால் டிஜாக்ஸின் மனித உடலில் நடந்துகொள்ளும் விதத்துக்கு ஒத்தவை. ஊசி போட்ட கணத்தில் அளவு 10. ஒரு மணி நேரத்தில் அது ஏறக்குறைய 5.5. இரண்டு மணியில் 3.2, மூன்றில் 2.1, நான்கில் 1.5. ஆறாவது மணியில் 1.03. அதற்குப் பிறகு இறக்கம் தளர்ந்துவிடுகிறது. பன்னிரண்டு மணியில் 0.8, ஒரு நாள் முடியும்போது 0.63, ஒன்றரை நாளில் 0.5.

கிடைமட்டக் கோட்டில் நேரத்தையும் செங்குத்துக் கோட்டில் அளவையும் வைத்து இதை வரைந்தால், மலையின் செங்குத்தான சரிவில் இறங்கி, அடிவாரத்தில் நீண்ட சமவெளிக்கு வருவதுபோல் ஒரு கோடு கிடைக்கும். முதல் நான்கு மணி நேரத்தில் பத்தில் எட்டரைப் பங்கு போய்விட்டது. அடுத்த இருபது மணி நேரத்தில் மிச்சத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் குறைந்தது. சிறுநீரகம் முதலில் வேகமாக வேலை செய்து, பிறகு களைத்துவிட்டதா? இல்லை. அது முதல் நிமிடத்திலிருந்து ஒரே சீராகத்தான் வேலை செய்கிறது.

இதைப் புரிந்துகொள்ள இரண்டு தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பம்புசெட் பக்கத்தில் இருக்கும் சின்னத் தொட்டி. இன்னொன்று அதன் ஒன்பது மடங்கு அகலமுள்ள பெரிய தொட்டி. இரண்டையும் அடியில் ஒரு பெரிய குழாய் இணைக்கிறது. வெளியே வாய்க்காலுக்குப் போகும் ஓட்டை சின்னத் தொட்டியில் மட்டும்தான். அதுவும் மிகச் சிறியது. இப்போது சின்னத் தொட்டியில் பத்து அடி உயரத்துக்குத் தண்ணீரை ஒரே வீச்சில் கொட்டுகிறோம். நீர்மட்டம் மளமளவென்று இறங்கும். பார்ப்பவர் வாய்க்காலுக்குப் போய்விட்டது என்று நினைப்பார். உண்மையில் பெரும்பகுதி பக்கத்துத் தொட்டிக்குப் போயிருக்கிறது. இரண்டிலும் மட்டம் சமமாகும்போது ஏறக்குறைய ஓர் அடிதான் நிற்கும். அதன்பிறகுதான் அந்தச் சிறிய ஓட்டை வழியாக இரண்டு தொட்டியும் சேர்ந்து மெல்ல வடியும். பெரிய தொட்டியில் இருப்பது வெளியேற வேண்டுமென்றால் சின்னத் தொட்டிக்குத் திரும்பி வந்துதான் போக வேண்டும்.

சின்னத் தொட்டி என்பது ரத்தமும், ரத்தம் தாராளமாகப் பாயும் சில உறுப்புகளும். பெரிய தொட்டி என்பது டிஜாக்ஸினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் திசுக்கள், குறிப்பாக உடலெங்கும் பரந்திருக்கும் எலும்புத்தசை. ஓட்டை என்பது சிறுநீரகம்; டிஜாக்ஸினில் பெரும்பகுதி மாற்றமில்லாமல் அந்த வழியாகத்தான் போகிறது. உடலை இப்படி இரண்டு அறைகளாகப் பார்ப்பதைத்தான் ‘இரண்டு அறை மாதிரி’ என்கிறோம். மருந்து உடலில் பரவுவதைக் கணிதமாக எழுதும் இந்த வழியை 1937-இல் தொடங்கிவைத்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த டார்ஸ்டன் தியோரெல். முதல் வேகச் சரிவுக்குப் பரவல் கட்டம் என்று பெயர். பிந்தைய மெதுவான சரிவு வெளியேற்றக் கட்டம்.

ஆனால் படத்தில் எது எங்கே முடிகிறது? கண்ணால் பார்த்தால் இரண்டு கட்டமும் ஒன்றோடொன்று குழைந்து கிடக்கும். பிரித்தெடுக்க ஒரு பழைய உத்தி இருக்கிறது. கல்லூரியில் இதை நான் இன்னமும் மாணவர்களுக்கு அளவுகோலும் பென்சிலும் கொடுத்துத்தான் செய்யச் சொல்கிறேன். கணினி ஒரு நொடியில் செய்துவிடும் என்பது தெரியும். கையால் ஒருமுறை செய்தவர்களுக்குத்தான் அந்த வளைவு மனதில் நிற்கிறது.

அதற்குச் செமி-லாக் தாள் வேண்டும். அதில் செங்குத்துக் கோட்டில் 10-க்கும் 1-க்கும் எவ்வளவு தூரமோ, 1-க்கும் 0.1-க்கும் அவ்வளவே தூரம். இதனால் கிடைக்கும் வசதி பெரிது: ஒரு பொருள் ஒவ்வொரு குறிப்பிட்ட நேரத்துக்கும் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போனால், இந்தத் தாளில் அது நேர்கோடாக விழும். நம் புள்ளிகளை இதில் வைத்தால், எட்டாவது மணிக்குப் பிந்தைய புள்ளிகள் எல்லாம் ஒரு நேர்கோட்டில் உட்காருகின்றன. அளவுகோலை அந்தக் கோட்டின் மேல் வைத்து இடதுபக்கமாக, பூஜ்ய நேரம் வரைக்கும் நீட்டுங்கள். அது செங்குத்துக் கோட்டை 1 என்ற இடத்தில் தொடும். மருந்து ஊசி போட்ட கணத்திலேயே உடலெங்கும் பரவியிருந்தால் இருந்திருக்கும் அளவு அது. அதே கோட்டில் 1 எங்கே 0.5 ஆகிறது என்று பாருங்கள்: 36 மணி நேரம். அதுதான் மெதுவான கட்டத்தின் அரை ஆயுள்.

அடுத்ததுதான் அழகான இடம். தொடக்கப் புள்ளிகள் இந்தக் கோட்டுக்கு மேலே நிற்கின்றன அல்லவா? எவ்வளவு மேலே என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் உண்மையான அளவு 10, கோடு சொல்வது 1, மிச்சம் 9. ஒரு மணியில் 5.48 கழித்தல் 0.98, மிச்சம் 4.5. இரண்டு மணியில் 3.21 கழித்தல் 0.96, மிச்சம் 2.25. மூன்று மணியில் மிச்சம் 1.13. ஒன்பது, நாலரை, இரண்டேகால், ஒன்றுக்குச் சற்று மேல்: மணிக்கு மணி சரியாகப் பாதியாகிறது. இந்த மிச்சங்களை அதே தாளில் வைத்தால் இன்னொரு நேர்கோடு கிடைக்கும், மிகச் செங்குத்தாக. ஒரு வளைவுக்குள் இரண்டு நேர்கோடுகள் ஒளிந்திருந்திருக்கின்றன. வேகமானதன் அரை ஆயுள் 1 மணி, மெதுவானதன் அரை ஆயுள் 36 மணி. மிச்சங்கள் நேர்கோட்டில் விழாமல் வளைந்தால், இரண்டு அறை போதாது, இந்த மருந்துக்கு மூன்றாவது அறையும் இருக்கிறது என்று அர்த்தம்.

இதிலிருந்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேகமான கட்டத்தில் வெறும் பரவல் மட்டும் நடக்கவில்லை. சிறுநீரகமும் தன் பங்கை வெளியேற்றிக்கொண்டுதான் இருக்கிறது. மெதுவான கட்டத்திலும் திசுவிலிருந்து ரத்தத்துக்கு மருந்து திரும்பிக்கொண்டே இருக்கிறது. எது மேலோங்கி நிற்கிறதோ அதன் பெயரை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இன்னொரு கேள்வி மாணவர்கள் தவறாமல் கேட்பது. 500 மைக்ரோகிராம் மருந்து கொடுத்து, பரவிய பிறகு மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம்தான் இருக்கிறது என்றால், 500 லிட்டரில் கரைத்த கணக்கு வருகிறது. எழுபது கிலோ மனிதருக்குள் ஏது 500 லிட்டர்? அது உண்மையான கொள்ளளவு அல்ல. டிஜாக்ஸின் தசைச் செல்களின் சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் ரத்தத்தில் அதன் செறிவு மிகக் குறைவாகத் தெரிகிறது. மூன்று லிட்டர் பிளாஸ்மாவில் அப்போது இருப்பது சுமார் 3 மைக்ரோகிராம் மட்டுமே. கொடுத்ததில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. டிஜாக்ஸின் அதிகமாகிப் போனவருக்கு டயாலிசிஸ் செய்து பெரிய பலன் இல்லாததற்குக் காரணம் இதுதான். இயந்திரம் ரத்தத்தைத்தான் சுத்தம் செய்யும்; மருந்து ரத்தத்தில் இல்லை.

இனி, அந்த அம்மாவின் ரிப்போர்ட்டுக்கு வருவோம். மருந்து வேலை செய்யும் இடம் எந்தத் தொட்டியில் இருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டிஜாக்ஸின் விஷயத்தில் இதயத்தசை பெரிய தொட்டியின் பக்கம் நிற்கிறது. இதயத்துக்கு ரத்தம் தாராளமாகப் போகிறது என்றாலும், மருந்து அங்கே உள்ள பம்புகளைப் பிடித்து உட்கார நேரமாகிறது. நரம்பில் ஊசி போட்டாலும், ரத்தத்தில் அளவு உச்சத்தில் இருக்கும் முதல் நிமிடங்களில் இதயத்தில் முழுப் பலன் தெரியாது. ரத்தத்தில் அளவு இறங்க இறங்க, சில மணி நேரத்தில் பலன் ஏறும். அதாவது நம் படத்தின் செங்குத்துச் சரிவில் எடுத்த எண் எதுவும் இதயத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. இரண்டு மட்டமும் சமமான பிறகு எடுத்த எண்தான் சொல்லும்.

இதற்கு நேர்மாறானது தயோபென்டோன், அறுவை சிகிச்சைக்கு முன் மயக்கம் கொடுக்கும் மருந்து. அங்கே வேலை நடக்கும் இடம் மூளை. அது சின்னத் தொட்டியில் இருக்கிறது. ஊசி ஏறும்போதே ஆள் தூங்கிவிடுவார். பத்து நிமிடத்துக்குள் மருந்து தசைக்கும் மற்ற திசுக்களுக்கும் பரவி, மூளையில் அளவு இறங்கிவிடும், கண் திறந்துவிடுவார். மருந்து உடலை விட்டுப் போய்விட்டதா? இல்லை, அநேகமாக முழுவதும் உள்ளேயே இருக்கிறது. அதே இரண்டு கட்ட வளைவுதான். ஒரு மருந்தில் முதல் கட்டம் பலனையே தீர்மானிக்கிறது. இன்னொரு மருந்தில் முதல் கட்டத்தை நம்பினால் ஏமாந்து போகிறோம்.

மாத்திரையாகச் சாப்பிட்டால் வளைவு சற்று மாறும். உள்ளே போன மருந்து குடலிலிருந்து ஏற வேண்டும். அதனால் கோடு முதலில் மேலே எழும்பி, ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சிக்குப் போய், பிறகு அதே இரண்டு கட்டமாக இறங்கும். தினமும் சாப்பிடுகிறவருக்கு முந்தைய நாட்களின் மிச்சம் அடியில் ஒரு சமதளமாக நிற்கும். அதன் மேல் தினம் காலையில் ஒரு கூர்முனை எழும்பி அடங்கும். ஏழு மணிக்கு மாத்திரை, ஒன்பது மணிக்கு ரத்தம் என்றால், அந்தக் கூர்முனையின் உச்சியைத்தான் குத்தி எடுத்திருக்கிறார்கள். நம் கணக்கின்படியே போட்டுப் பார்த்தால், அடியில் 0.8 அளவுக்கு இருக்கும் ஒருவருக்கு, மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் 2-ஐ ஒட்டி வருவது இயல்பு. அந்த அம்மாவின் 2.1 நஞ்சானதற்குச் சான்று அல்ல. நஞ்சாகவில்லை என்பதற்கும் அது சான்று அல்ல. அது எதையும் சொல்லாத எண்.

டிஜாக்ஸினுக்கு, கடைசி மருந்து போட்டுக் குறைந்தது ஆறு மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும் என்ற விதி இருப்பது இதனால்தான். நம் படத்தில் ஆறாவது மணியில் வேகக் கட்டத்தின் மிச்சம் 0.14 மட்டுமே, எட்டாவது மணியில் 0.04-க்கும் கீழ். எல்லாவற்றிலும் எளிய வழி, அடுத்த மாத்திரை போடுவதற்குச் சற்று முன் எடுப்பது. அந்த நேரத்து எண்ணைத்தான் இதயச் செயலிழப்பில் 0.5 முதல் 0.9 வரைக்குள் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

நேரம் தவறினால் வரும் குழப்பம் ஒன்றல்ல. ஊசி போட்ட நான்கு மணி நேரத்துக்குள் மட்டும் ரத்தம் எடுத்து நிறுத்திக்கொண்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். இரண்டு மணியில் 3.2, நான்கு மணியில் 1.5. இரண்டு புள்ளியையும் கோடு போட்டு இணைத்து, அரை ஆயுள் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு என்று எழுதிவிடுவார். அதை நம்பி நாளுக்கு நான்கு வேளை மருந்து கொடுத்தால், உண்மையில் 36 மணி நேர அரை ஆயுள் உள்ள மருந்து உடலில் அடுக்கடுக்காகச் சேர்ந்துவிடும். மாறாக, ஆறு மணிக்குப் பிந்தைய புள்ளிகளை மட்டும் வைத்திருப்பவருக்கு முதல் கட்டம் இருந்ததே தெரியாது. அவர் படத்தில் மருந்து 1-இல் தொடங்குகிறது. தொடக்கத்தில் ரத்தம் 10-ஐப் பார்த்தது அவர் கணக்கில் இல்லை. நரம்பு வழியாக டிஜாக்ஸினைக் கொடுக்கும்போது ஒரே தள்ளில் தள்ளாமல், ஐந்து நிமிடமாவது எடுத்து மெல்லக் கொடுக்கச் சொல்வதற்கு அந்தத் தொடக்க உச்சமும் ஒரு காரணம்.

சிறுநீரகம் பழுதானவருக்குப் படம் எப்படி மாறும் என்றும் சொல்லிவிடுகிறேன். வாய்க்காலுக்குப் போகும் ஓட்டை இன்னும் அடைபட்டுப் போகிறது. முதல் சரிவு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்; தொட்டிகளுக்கு இடையிலான குழாயில் சிக்கல் இல்லை. பிந்தைய கோடு மட்டும் படுத்துவிடும். 36 மணி நேர அரை ஆயுள் மூன்று நான்கு நாட்களுக்கு மேல் நீண்டுவிடலாம். அதே மாத்திரையை அதே அளவில் தொடர்ந்தால் நஞ்சாவது அப்போதுதான். அதனால்தான் டிஜாக்ஸின் அளவோடு கிரியேட்டினினையும் பார்க்கச் சொல்கிறார்கள். பொட்டாசியத்தையும் பார்க்க வேண்டும். அது குறைந்திருந்தால் டிஜாக்ஸின் அந்தப் பம்பை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும், ரத்த அளவு சரியாக இருக்கும்போதே நஞ்சின் குணம் காட்டும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

1785-இல் வில்லியம் விதரிங் இந்த மருந்துக் குடும்பத்தின் மூலச் செடியான டிஜிட்டாலிஸைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது அவரிடம் ரத்தப் பரிசோதனை இல்லை. குமட்டலையும் நாடியையும் பார்வை மாறுவதையும் கவனித்துத்தான் அளவை நிறுத்தினார். ரத்தத்தில் டிஜாக்ஸினை நானோகிராம் கணக்கில் அளக்கும் நம்பகமான முறை 1969-இல்தான் வந்தது. அதற்காக விதரிங் கவனித்தவை காலாவதியாகிவிடவில்லை. வாந்தி, மஞ்சளாகத் தெரியும் பார்வை, மிக மெதுவான நாடி, ஈசிஜியில் மாற்றம் ஆகியவை இருந்தால் எண் எதுவாக இருந்தாலும் கவலைப்பட வேண்டும்.

அந்த அம்மாவுக்கு அவை எதுவும் இல்லை. மகன் மறுநாளே இதய மருத்துவரிடம் அழைத்துப் போனார். ஈசிஜி, கிரியேட்டினின், பொட்டாசியம் மூன்றையும் பார்த்தார்கள்; குறை இல்லை. நாடி மட்டும் 130-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. மாத்திரையை மறுபடி தொடங்கினார்கள். உடனே ரத்தம் எடுக்கவில்லை. பழைய சமதளம் திரும்பக் கட்டப்பட அரை ஆயுளைப்போல் ஐந்து மடங்கு, அதாவது ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால், பத்து நாள் பொறுத்தார்கள். பதினோராவது நாள் காலையில் மாத்திரை போடாமல் லேபுக்குப் போய், ரத்தம் கொடுத்த பிறகு அங்கேயே தண்ணீர் வாங்கி மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ரிப்போர்ட்டில் 0.8. பசி குறைந்ததற்குக் காரணம் பல்வலி என்பது பிறகு தெரிந்தது.

உங்கள் வீட்டில் யாராவது டிஜாக்ஸின் சாப்பிடுகிறவராக இருந்து, ரத்த அளவு பார்க்கச் சொன்னால், அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி மாத்திரை போட்ட நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.